‘மாவு & சட்னி’ கேட்டால் ‘மாவு’ மட்டும் வருவது ஏன்?

வீடு தேடி இட்லி மாவு கொடுக்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்திருக்கிறார். முகப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பட்டன் உண்டு. அதைத் தொட்டால் ஆர்டர் பக்கம் திறக்கும். என்ன பொருள், எந்த ஊர் என்ற விவரம் அதில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வாடிக்கையாளர் ‘சரி’ சொன்னால் போதும். ‘இட்லி மாவு’ பட்டன் ஒழுங்காக வேலை செய்கிறது. ‘மாவு & சட்னி 1+1’ என்ற சலுகைக்கு அதே பாணியில் ஒரு பட்டன் வைத்தால், ஆர்டர் வெறும் ‘மாவு’ என்று வந்து நிற்கிறது. எங்கும் பிழைச் செய்தி இல்லை. பக்கம் திறக்காமலும் இல்லை. சட்னி மட்டும் காணோம்.

பட்டனுக்குப் பின்னால் கடைக்காரர் எழுதிவைத்த லிங்க் இது:

```
https://example.com/order?item=மாவு & சட்னி 1+1&area=தேனி
```

இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதிக்கு ஓர் எளிய இலக்கணம் இருக்கிறது. ஒவ்வொரு தகவலும் பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வரிசையில் வரும். இங்கே `item` ஒரு பெயர், அதன் மதிப்பு பொருளின் பெயர். `area` இன்னொரு பெயர், அதன் மதிப்பு ஊர். இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாராமீட்டர் என்று பெயர். ஒரு பாராமீட்டர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைக் காட்டுவதுதான் `&` குறியின் வேலை. சர்வர் இந்தப் பகுதியைக் கையில் வாங்கியதும் முதலில் `&` இருக்கும் இடமெல்லாம் வெட்டும். பிறகு ஒவ்வொரு துண்டையும் சமக்குறியில் பிரிக்கும். மாவையும் சட்னியையும் இணைக்கக் கடைக்காரர் போட்ட `&`, பாராமீட்டர்களைப் பிரிக்கும் `&` இரண்டும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். கடைசியில் சர்வருக்குக் கிடைப்பது இது:

```
item         = "மாவு "
" சட்னி 1 1" = ""
area         = "தேனி"
```

இரண்டாவது வரிதான் காணாமல் போன சட்னி. அது தொலையவில்லை; ‘சட்னி 1 1’ என்ற பெயருள்ள, மதிப்பே இல்லாத ஒரு பாராமீட்டராக மாறிவிட்டது. அப்படி ஒரு பெயரை எந்த நிரலும் தேடப்போவதில்லை என்பதால் யாருக்கும் தெரியாமல் போகிறது. அதே வரியில் இன்னொரு சேதமும் நடந்திருக்கிறது. ‘1+1’ என்பது ‘1 1’ ஆகிவிட்டது. கூட்டல் குறி இடைவெளியாக மாறிய கதை தனிக் கதை, பின்னால் வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லிங்க்கில் தமிழ் எழுத்துகள் இருந்தன, இடைவெளிகளும் இருந்தன. இரண்டுமே இணைய முகவரியில் இருக்கக் கூடாதவை. ஆனால் அவற்றால் எந்தத் தொல்லையும் வரவில்லை. காரணம், பிரவுசர் அவற்றைத் தானாகவே சரிசெய்து அனுப்பிவிட்டது. தமிழ் எழுத்தைப் பார்த்தால், இதை மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்று அதற்குத் தெரியும். `&` குறியைப் பார்த்தால் அதற்கு ஒன்றும் தோன்றாது. அது முகவரியில் முறைப்படி இடம்பெறக்கூடிய குறி. எழுதியவர் அதைப் பிரிப்பானாகப் போட்டாரா, பொருளின் பெயரில் ஒரு பகுதியாகப் போட்டாரா என்று பிரவுசர் ஊகிக்க வழியே இல்லை. ‘தமிழில் எழுதினால் லிங்க் உடையும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அதிகம் உடைப்பவை ஆங்கில விசைப்பலகையில் எப்போதும் இருக்கும் இந்தச் சின்னக் குறிகள்தான்.

`#` குறி இன்னும் மோசம். ‘கதவு எண் #12’ என்று ஒரு மதிப்பில் அப்படியே போட்டுவிட்டால், `#` தொடங்கி அதன் பிறகுள்ள எதுவும் சர்வருக்குப் போகவே போகாது. பக்கத்துக்குள் எந்த இடத்துக்கு நகர வேண்டும் என்று பிரவுசர் தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. வரிசையில் பின்னால் `area` இருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

இதற்கெல்லாம் மருந்து இணையத்தின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. டிம் பெர்னர்ஸ்-லீ 1994 ஜூனில் வெளியிட்ட ஆர்எஃப்சி 1630 என்ற ஆவணத்திலேயே சதவீதக் குறியை வைத்து எழுத்துகளை மறைத்து அனுப்பும் முறை இருக்கிறது. இன்று நடைமுறையில் உள்ள விதி, 2005 ஜனவரியில் அவரும் ராய் ஃபீல்டிங்கும் லாரி மாசின்டரும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 3986. அதன்படி முகவரியில் எந்தக் கவலையும் இல்லாமல் அப்படியே எழுதத்தக்க எழுத்துகள் மொத்தம் 66: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, இவற்றோடு `-` `.` `_` `~` என்ற நான்கு குறிகள். மற்ற எதை ஒரு மதிப்புக்குள் வைக்க வேண்டியிருந்தாலும் அதை எண்ணாக மாற்றி, முன்னால் சதவீதக் குறி போட்டு எழுதிவிட்டால் தவறு வராது. இதைத்தான் பெர்சென்ட் என்கோடிங் என்கிறார்கள்.

எண்ணாக மாற்றுவது எப்படி? கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. `&` குறியின் எண் 38. அதைப் பதினாறடிமான முறையில் எழுதினால் 26, ஆகவே `%26`. இடைவெளியின் எண் 32, பதினாறடிமானத்தில் 20, ஆகவே `%20`. கூட்டல் குறி 43, அதாவது `%2B`. இந்த முறைக்கே அடையாளமான சதவீதக் குறிக்கும் விலக்கு கிடையாது. அதன் எண் 37, எனவே ‘50% தள்ளுபடி’ என்பதில் உள்ள சதவீதத்தை `%25` என்று எழுத வேண்டும். சதவீதக் குறியை அடுத்து எப்போதும் இரண்டே இலக்கங்கள்தான். அதனால் படிக்கும் நிரலுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் குழப்பமே வராது.

தமிழுக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் நீள்கிறது. இரண்டு பதினாறடிமான இலக்கங்களில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். யூனிகோடில் ‘ம’ எழுத்தின் எண்ணோ 2990. அதை ஒரே பைட்டில் அடக்க முடியாது. பல பைட்டுகளாகப் பிரித்து எழுதும் யுடிஎஃப்-8 என்ற ஏற்பாட்டை 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தார்கள். நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, மேசையில் தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளிலேயே தாம்சன் அதை வரைந்தார் என்று பைக் பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த ஏற்பாட்டில் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட்டுகளாகும். ‘ம’ என்பது E0, AE, AE என்ற மூன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சதவீதக் குறி வைத்தால் `%E0%AE%AE`. கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனித்தனிக் குறிகள். எனவே ‘மாவு’ என்ற சொல் ம, கால், வ, உகரக் குறி என நான்கு குறிகளாகப் பிரிந்து இப்படி ஆகிறது:

```
ம  %E0%AE%AE
ா  %E0%AE%BE
வ  %E0%AE%B5
ு  %E0%AF%81
```

கண்ணுக்கு இரண்டெழுத்தாகத் தெரியும் சொல் முகவரியில் 36 இடங்களைப் பிடிக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது தேடிவிட்டு, முகவரியை நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்பும்போது நீளமாக `%E0%AE` என்று கொட்டுகிறதே, அது இதுதான். அதில் கெட்டுப்போனது எதுவும் இல்லை. தமிழ்க் குறிகள் எல்லாமே `%E0%AE` அல்லது `%E0%AF` என்றுதான் தொடங்கும். எனவே அந்த இரண்டையும் பார்த்தால் உள்ளே தமிழ் இருக்கிறது என்று பழகிய கண் உடனே சொல்லிவிடும்.

இனிக் கடைக்காரரின் லிங்க்கைத் திருத்தலாம். இங்கே வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு மதிப்பையும் தனியாக என்கோட் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் `&`, `=` குறிகளால் கோக்க வேண்டும். முழு லிங்க்கையும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரேயடியாக என்கோட் செய்ய நினைத்தால் இரண்டில் ஒன்று கெடும். எல்லா `&` குறிகளையும் மாற்றினால் பிரிப்பான்களும் போய்விடும். எதையும் மாற்றாவிட்டால் சட்னி போய்விடும். ஜாவாஸ்கிரிப்டில் இந்த இரண்டு நிலைகளுக்கும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. `encodeURI` முழு முகவரிக்கானது. அது `&`, `+`, `#`, `?` போன்றவற்றைத் தொடாமல் விட்டுவிடும். `encodeURIComponent` ஒரு மதிப்புக்கானது. அவற்றையும் சேர்த்து மாற்றும். பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் முதலாவதை எடுத்துப் போட்டுவிட்டு, தமிழும் இடைவெளியும் சரியாகிவிட்டதைப் பார்த்துத் திருப்தியடைகிறவர்கள் உண்டு. இந்தச் சலுகை லிங்க்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

```
"https://example.com/order?item=" +
  encodeURIComponent("மாவு & சட்னி 1+1") +
  "&area=" + encodeURIComponent("தேனி")
```

இதிலிருந்து கிடைக்கும் முகவரி:

```
https://example.com/order?item=%E0%AE%AE%E0%AE%BE%E0%AE%B5%E0%AF%81%20%26%20%E0%AE%9A%E0%AE%9F%E0%AF%8D%E0%AE%A9%E0%AE%BF%201%2B1&area=%E0%AE%A4%E0%AF%87%E0%AE%A9%E0%AE%BF
```

இதில் `&` குறி ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: `area` என்ற சொல்லுக்கு முன்னால். மாவுக்கும் சட்னிக்கும் நடுவில் இருந்தது `%26` ஆகிவிட்டது. சர்வர் `&` இருக்கும் இடத்தில் வெட்டி முடித்த பிறகுதான் சதவீதக் குறிகளை அவிழ்க்கும். அதனால் உள்ளே ஒளிந்திருக்கும் `&` வெட்டுக்குத் தப்பிவிடுகிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பொருள்களின் பட்டியலைக் கூகுள் ஷீட்ஸில் வைத்திருந்தால், A2 கட்டத்தில் உள்ள பெயருக்கு `=ENCODEURL(A2)` என்று எழுதினால் போதும்.

கூட்டல் குறியின் கதைக்கு வருவோம். இணையப் பக்கங்களில் படிவங்கள் வந்த காலத்தில், நிரப்பிய விவரங்களை அனுப்பும்போது இடைவெளிக்குப் பதிலாக `+` போடுவது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. 1995-ல் வெளியான ஹெச்டிஎம்எல் 2.0 விதியிலும் அது இடம்பிடித்தது. இன்றுவரை பிரவுசர்கள் படிவங்களை அப்படித்தான் அனுப்புகின்றன. ஆகவே கேள்விக்குறிக்குப் பின்னால் இடைவெளியை எழுத இரண்டு வழிகள் நிலைத்துவிட்டன: `%20`, `+`. பெரும்பாலான சர்வர் மொழிகள் இரண்டையுமே இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் `+` என்றால் கூட்டல் குறியேதான். ஜாவாஸ்கிரிப்டின் `decodeURIComponent` கட்டளையும் `+` குறியை இடைவெளியாக மாற்றாது. எங்கே போட்டாலும் ஒரே பொருள் தருவது `%20` மட்டுமே. கையால் எழுதும்போது அதையே பயன்படுத்துவது நல்லது.

இந்த வழக்கத்தால் அடிபடுவது ‘1+1’ சலுகை மட்டுமில்லை. `+91` என்று தொடங்கும் தொலைபேசி எண்ணை அப்படியே லிங்க்கில் வைத்தால் சர்வருக்கு முன்னால் ஓர் இடைவெளியோடு 91 என்று போகும். `+` உள்ள மின்னஞ்சல் முகவரிகளும் இப்படியே கெடும். ‘முகவரி செல்லாது’ என்று படிவம் திருப்பி அனுப்பும்போது, தவறு எங்கே என்று வாடிக்கையாளருக்குப் புரியாது. இரண்டுக்கும் தீர்வு `%2B`.

ஒருமுறை என்கோட் செய்ய மறப்பது ஒரு தவறு என்றால், இரண்டுமுறை செய்வது இன்னொன்று. ஏற்கெனவே `%20` என்று மாறிய ஒன்றை மறுபடியும் என்கோட் செய்தால், அதில் உள்ள சதவீதக் குறி `%25` ஆகி, மொத்தம் `%2520` என்று நிற்கும். சர்வர் ஒருமுறைதான் அவிழ்க்கும். எனவே ஆர்டர் பக்கத்தில் தமிழுக்குப் பதிலாக `%E0%AE%AE%E0%AE%BE` என்று அச்சாகும். பெரும்பாலும் இது நடப்பது, நிரலாளர் `encodeURIComponent` போட்டுவிட்டு, தானாகவே என்கோட் செய்யும் `URLSearchParams` போன்ற கருவியிடமும் அதைக் கொடுக்கும்போது. கருவியிடம் கொடுப்பதானால் மூலச் சொல்லை அப்படியே கொடுத்துவிட வேண்டும். பாதி வேலையைச் செய்து கொடுக்கக் கூடாது. முகவரியில் `%25` அடுத்தடுத்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு முழு லிங்க்கையே இன்னொரு லிங்க்கின் மதிப்பாக வைக்கும்போது, எடுத்துக்காட்டாக உள்நுழைந்த பிறகு எந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லும்போது, உள்ளே இருப்பது முறைப்படியே இருமுறை என்கோட் ஆகியிருக்கும். அங்கே `%2520` சரியானதே.

தமிழ்த் தளங்களில் மட்டும் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கோளாறும் இருக்கிறது. படிவத்தில் ‘த’ என்று தட்டினால் சர்வரில் `&#2980;` என்று பதிவாகும். 2980 என்பது ‘த’ எழுத்தின் யூனிகோட் எண். பக்கம் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கப்படாமல் பிரவுசர் அதைப் பழைய மேலைநாட்டு எழுத்துமுறையில் உள்ளதாக எடுத்துக்கொண்டால், அந்த முறையில் தமிழுக்கு இடமே கிடையாது. அதனால் பிரவுசர் எழுத்தின் எண்ணை ஹெச்டிஎம்எல் வடிவில் எழுதி, அதை `%26%232980%3B` என்று என்கோட் செய்து அனுப்பிவிடும். அனுப்பும் பக்கம் சரியாக இருந்து, வாங்கும் சர்வர் தவறாகப் படித்தால் வேறு கோலம்: ‘த’ என்பது `à®¤` என்று தெரியும். முதலாவதற்குத் தீர்வு பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வரி:

```
<meta charset="utf-8">
```

சரியாக என்கோட் செய்தும் தேடல் தோற்கும் ஓர் இடம் தமிழில் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தால் அந்தக் குறி `%E0%AF%8A`. ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் `%E0%AF%86%E0%AE%BE`. திரையில் இரண்டும் ஒன்றேதான், பைட்டுகள் வேறு. சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளும் இரண்டாவது வடிவத்தைத் தருவதுண்டு. ‘கொத்து பரோட்டா’ கடையின் பட்டியலில் இருந்தும், லிங்க் வழியாக வந்தவருக்கு ‘பொருள் இல்லை’ என்று பதில் வந்தால் இதையும் பார்க்க வேண்டும். என்கோட் செய்வதற்கு முன் `"கொத்து பரோட்டா".normalize("NFC")` என்று ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை தீரும். பட்டியலில் உள்ள பெயர்களுக்கும் அதையே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாது.

லிங்க் சரிதானா என்று தெரிந்துகொள்ள முகவரிப் பெட்டியை நம்பக் கூடாது. பிரவுசர்கள் அழகுக்காக அங்கே `%E0%AE` வரிசையைத் தமிழாகவே மாற்றிக் காட்டுவதுண்டு. கணினியில் குரோம் பிரவுசரில் F12 விசையை அழுத்தி, Network பகுதியைத் திறந்து, பட்டனைத் தொட்டு, அந்தக் கோரிக்கையின் Payload பக்கத்தைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு பாராமீட்டரும் தனி வரியில் வரும். இரண்டே பாராமீட்டர் அனுப்பியிருக்க, அங்கே மூன்று வரிகள் இருந்தால் எங்கோ ஒரு `&` தப்பியிருக்கிறது.

கடையின் ஆர்டர் பக்கமோ, சங்கத்தின் உறுப்பினர் படிவமோ, பள்ளியின் சேர்க்கை லிங்க்கோ செய்கிறவர்கள் ‘சோதனை’ என்று மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சொல் எப்போதும் தேறிவிடும். அதற்குப் பதிலாக ‘கொத்து & சட்னி 1+1, 50% #2’ என்ற ஒரு வரியைக் கொடுத்துப் பாருங்கள். மறுமுனையில் அது எழுத்துப் பிசகாமல் வந்து சேர்ந்தால் லிங்க்கைத் தாராளமாக அனுப்பலாம்.